காலைச் சாப்பாட்டில் எத்தனை கலோரி? எக்ஸெல் சொல்லும்

பிரெட், பால், வெண்ணெய் பாக்கெட்டுகளின் பின்புறம் புரோட்டீன், கார்போஹைட்ரேட், கொழுப்பு என்று கிராம் கணக்கு அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிராம் புரோட்டீனுக்கு 4 கலோரி, கார்போஹைட்ரேட்டுக்கு 4, கொழுப்புக்கு 9. பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும். அமெரிக்க வேதியியலாளர் ஆட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை.

எக்ஸெல்லைத் திறந்து, முதல் வரிசையில் A1 முதல் F1 வரை உணவு, சாப்பிட்ட அளவு, புரோட்டீன், கார்போ, கொழுப்பு, கலோரி என்று டைப் செய்யுங்கள். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே முறைதான். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் 100 கிராமுக்கான கணக்கு. நாம் சாப்பிடுவது அந்த அளவு அல்லவே! அதனால் F2 செல்லில் இப்படிக் கொடுங்கள்:

```
=B2/100*(4*C2+4*D2+9*E2)
```

இரண்டு துண்டு பிரெட் 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டில் புரோட்டீன் 8, கார்போ 50, கொழுப்பு 2 என்றிருந்தால் விடை 150. அடுத்த வரிசையில் வெண்ணெய் 10 கிராம், 0.5, 0, 80. F2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். 72.2 என்று வரும். ஒரு சின்னக் கட்டி வெண்ணெய், பிரெட்டின் கலோரியில் கிட்டத்தட்ட பாதியைத் தந்துவிடுகிறது! 9-ஆல் பெருக்குவதன் விளைவு இது. மூன்றாவதாக 200 மில்லி பால். 100 மில்லிக்கு 3.1, 4.7, 3. இது 116.4. மொத்தத்திற்கு F5 செல்லில்:

```
=SUM(F2:F4)
```

338.6 கிடைக்கும்.

எண்ணுடன் "கி" என்று சேர்த்து டைப் செய்யாதீர்கள். எக்ஸெல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு #VALUE! என்று காட்டும். செல்லில் எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் நின்றால் இதுதான் காரணம். பாக்கெட்டில் கார்போவுக்குக் கீழே சர்க்கரையும், கொழுப்புக்குக் கீழே நிறைவுற்ற கொழுப்பும் தனியாக இருக்கும். அவை ஏற்கெனவே மேலே உள்ள எண்ணில் அடங்கியவை, மறுபடி கூட்ட வேண்டாம்.

நம் விடையும் பாக்கெட்டில் உள்ள கலோரியும் ஓரிரண்டு வித்தியாசப்பட்டால் பிரச்னை இல்லை. பின்னங்களை முழு எண்ணாக்கியதால் வருவது. வாழைப்பழத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். 100 கிராமில் 1.1, 22.8, 0.3 என்ற அளவுகளைக் கொடுத்தால் 98.3 வரும், அமெரிக்க அரசின் உணவு அட்டவணையிலோ 89. கார்போவில் அடங்கிய நார்ச்சத்து முழுதாகச் செரிப்பதில்லை என்பது ஒரு காரணம். தவிர, அந்த அட்டவணை பழத்துக்கென்று தனியாக, சற்றுக் குறைவான எண்களால் பெருக்குகிறது.