அழிந்த முகவரிகளும் ஓர் அறிக்கையும்

2025 அக்டோபர் 20, தமிழ்நாட்டில் தீபாவளி. நம் நேரப்படி பகல் 12.18-க்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இயங்கும் அமேசான் கிளவுடில் `dynamodb.us-east-1.amazonaws.com` என்ற பெயருக்கு உரிய ஐபி முகவரிகள் அத்தனையும் அழிந்துபோயின. டைனமோடிபி என்பது ஆயிரக்கணக்கான செயலிகள் நம்பியிருக்கும் தகவல் சேமிப்புச் சேவை. சிறிது நேரத்தில் ஸ்னாப்சாட், சிக்னல் போன்ற செயலிகளும் சில பிரிட்டிஷ் வங்கிகளின் சேவைகளும் தடுமாறின.

ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி முகவரியைச் சொல்வதுதான் டிஎன்எஸ். அன்று அந்தச் சேவையின் சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

இப்படி ஒரு முடக்கம் முடிந்ததும் மேலிடம் கேட்கும் முதல் கேள்வி, "யார் அழித்தது?" அமேசான் வெளியிட்ட அறிக்கையில் அதற்கு ஒரு ஊழியரின் பெயர் பதிலாக வரவில்லை. அழித்தது தானியங்கி மென்பொருள். எந்தெந்த முகவரிகள் பயன்பாட்டில் இருக்க வேண்டும் என்று ஒரு மென்பொருள் திட்டம் போடும். அதைப் பதிவேட்டில் எழுதுவதற்குத் தனித்தனியாக இயங்கும் மூன்று மென்பொருள்கள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றவை வேலையைத் தொடரட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு.

அன்று அவற்றில் ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்தது. "என்னிடம் இருக்கும் திட்டம் புதியதுதானா?" என்று அது சரிபார்த்தது வேலையின் தொடக்கத்தில். எழுதும் நேரம் வந்தபோது அந்தப் பதில் காலாவதியாகியிருந்தது. இதற்குள் இரண்டாவது மென்பொருள் மிகப் புதிய திட்டத்தை எழுதி முடித்து, பழைய திட்டங்களைத் துடைக்கத் தொடங்கியிருந்தது. அதே சமயத்தில் முதலாவது தன் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் எழுதியது. துடைக்கும் பணிக்கு அது வெறும் பழைய திட்டம், உடனே நீக்கிவிட்டது. நடப்பில் இருந்ததோ அதுதான். பதிவேடு காலியானது. அதோடு, அடுத்த திட்டத்தை எந்த மென்பொருளாலும் எழுத முடியாத நிலையும் உண்டானது. பொறியாளர்கள் கைப்பட இறங்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

முகவரிகள் திரும்பியபோது பிற்பகல் 2.55. அறிக்கையில் நிர்வாகம் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. ஈசி2 எனும் சர்வர் வாடகைச் சேவை முழுதும் சீரானது மறுநாள் அதிகாலை 2.20-க்கு. அதை நிர்வகிக்கும் மென்பொருள் டைனமோடிபியை நம்பியிருந்ததால், தன் கட்டுப்பாட்டில் இருந்த சர்வர்களோடு உள்ள தொடர்பை முடக்கத்தின்போது புதுப்பிக்க முடியவில்லை. சேவை மீண்டதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்க முயன்று, நெரிசலில் திணறி நின்றது. இந்த நிலையிலிருந்து மீள்வதற்கென்று எழுதிவைத்த வழிமுறை இல்லை என்று அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

"இனி கவனமாக இருப்போம்" என்ற வாக்குறுதியால் நிர்வாகத்துக்குப் பயனில்லை. இந்த அறிக்கை சொன்னவை செயல்கள்: அந்தத் தானியங்கி ஏற்பாடு உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டது, இந்த மோதல் சரிசெய்யப்பட்டு, தவறான திட்டம் பதிவேடு ஏறாமல் தடுக்கும் காப்புகள் சேர்த்த பிறகே அது மீண்டும் இயங்கும், ஈசி2-வின் மீட்புப் பணி முறையாகச் சோதிக்கப்படும்.