₹3,510 காட்டிட்டு ₹7,300 கேட்பது ஏன்? டாக்ஸி புக்கிங் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

வெளியூர் போக கார் புக் பண்ணியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேராவது ஒரே கதையைச் சொல்வார்கள். ‘போன்ல ஒரு ரேட் காட்டுச்சு, இறங்கும்போது டிரைவர் வேற ரேட் சொன்னாரு.’ இதில் டிரைவர் ஏமாற்றியது என்பது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் பிரச்சினை புக்கிங் பக்கத்தை வடிவமைத்த விதத்தில்தான் இருக்கிறது. டிராவல்ஸ் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கணக்கு, அந்தப் பக்கத்தைச் செய்தவருக்குத் தெரியாமல் போயிருக்கும். அல்லது தெரிந்தே மறைத்திருப்பார்.

ஒரு சின்ன டிராவல்ஸ் நிறுவனத்துக்கு புக்கிங் பக்கம் உருவாக்குவதாக வைத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். நகரத்துக்குள் ஓடும் ஆப் டாக்ஸியை விட்டுவிடுவோம். வெளியூர் வாடகையில்தான் சிக்கல் அதிகம்.

250 கி.மீ என்ற மந்திர எண்

தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு கல்யாணம். சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புகிறீர்கள். தூரம் சுமார் 135 கி.மீ, போய் வர 270 கி.மீ. செடான் வண்டிக்கு கிலோமீட்டருக்கு ₹13, டிரைவர் பேட்டா நாளுக்கு ₹400 என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தெரியாதவர் செய்த பக்கம் 270-ஐ 13-ஆல் பெருக்கி ‘₹3,510’ என்று பெரிய எழுத்தில் காட்டும். நீங்களும் பரவாயில்லையே என்று புக் பண்ணிவிடுவீர்கள்.

ஆனால் ரவுண்ட் டிரிப்பில் பெரும்பாலான ஆபரேட்டர்கள் ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வண்டி மண்டப வாசலில் நின்றாலும் அன்றைக்கு வேறு சவாரி எடுக்க முடியாது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு நாளுக்கு 500 கி.மீ. ஓடியது 270 என்றாலும் பில் 500-க்குத்தான் வரும். 500 × 13 = ₹6,500. இரண்டு நாள் பேட்டா ₹800. மொத்தம் ₹7,300. டோல் இதில் சேரவில்லை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என வழியில் மூன்று சுங்கச்சாவடிகள் இருக்கின்றன, அதையும் போக வர கணக்குப் பண்ணணும்.

பக்கத்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கணக்கு இவ்வளவுதான்:

```
billed_km = max(actual_km, days * 250)
fare = billed_km * rate + days * batta
```

முதல் வரியில் இருக்கும் `max` விட்டுப்போனால் ₹4,310, இருந்தால் ₹7,300. கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

இதில் `days` என்பதும் லேசுப்பட்டதல்ல. பல ஆபரேட்டர்களுக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரம் கிடையாது. காலண்டர் தேதிதான் கணக்கு, நள்ளிரவு தாண்டினால் அடுத்த நாள். அதே பயணத்துக்கு ‘டிராஃபிக் இல்லாம போயிடலாம்’ என்று வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கே கிளம்பினால் மூன்று நாள் ஆகிவிடும். 750 கி.மீ, மூன்று பேட்டா, மொத்தம் ₹10,950. வெள்ளி இரவில் ஓடப்போவது இரண்டு மணி நேரம், அதற்குக் கூடுதலாக ₹3,650. பில்லைப் பார்த்ததும் கோபம் வருவது இங்கேதான்.

நல்ல பக்கம் என்ன செய்யும்? நீங்கள் இரவு 10 மணி என்று தேர்ந்தெடுத்த உடனேயே, அதற்குக் கீழே ‘நள்ளிரவு 12-க்குப் பிறகு கிளம்பினால் ஒரு நாள் வாடகை குறையும்’ என்று ஒரு வரி காட்டும். டிராவல்ஸ் ஓனருக்கு இதைக் கேட்டால் வயிறு எரியலாம். ஆனால் பயணம் முடிந்து நடுரோட்டில் நடக்கும் சண்டையும் அதற்குப் பிறகு வரும் ஒரு ஸ்டார் ரிவ்யூவும் அவருக்கு இதைவிட அதிகச் செலவு.

இன்னொரு வழியும் இருக்கிறது. கல்யாண வீட்டில் வண்டி தேவையே இல்லை என்றால், போக ஒரு டிராப் டாக்ஸி, வர ஒரு டிராப் டாக்ஸி. இதில் குறைந்தபட்சம் பொதுவாக 130 கி.மீ. கிலோமீட்டருக்கு ₹14 என்று வைத்தால் 135 × 14 = ₹1,890, பேட்டா ₹400, ஒரு வழிக்கு ₹2,290. இரண்டு வழிக்கும் ₹4,580. ரவுண்ட் டிரிப்பைவிட ₹2,720 மிச்சம். ‘ஒன் வே’, ‘ரவுண்ட் டிரிப்’ என்று இரண்டு பட்டன்களை மட்டும் வைத்துவிட்டு, இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடும் பக்கங்கள்தான் அதிகம்.

‘டோல் எக்ஸ்ட்ரா’வை எங்கே எழுதுவது?

டோல், மலைப்பாதைக் கட்டணம், மாநில எல்லை தாண்டினால் பெர்மிட், பார்க்கிங். இவற்றை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்வது கஷ்டம்தான். அதற்காகப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘கூடுதல் கட்டணங்கள் பொருந்தும்’ என்று போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து, புக் பண்ணிய பிறகு ஒவ்வொன்றாக வெளியே விடுவதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட டார்க் பேட்டர்ன் வழிகாட்டுதல்கள் ‘டிரிப் பிரைசிங்’ என்று குறிப்பிடுகின்றன. அதில் பட்டியலிட்ட 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று.

தீர்வு ரொம்ப எளிது. மொத்தத் தொகைக்குக் கீழேயே இரண்டு பிரிவாகக் காட்டிவிடலாம். ‘இதில் அடங்கியவை’ என்பதில் எத்தனை கி.மீ, எத்தனை நாள், எவ்வளவு பேட்டா. ‘நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டியவை’ என்பதில் டோல், பார்க்கிங், கி.மீ தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு. கடைசி பில் ஓடோமீட்டரை வைத்துத்தான் போடப்படும். ‘அப்படியே மேல்மலையனூரும் போயிட்டு வந்துடலாம்’ என்று வழியில் முடிவு பண்ணுபவர்கள் இருக்கும்வரை எஸ்டிமேட் என்பது எஸ்டிமேட்தான். அந்தக் கூடுதல் ரேட் கண்ணில் பட்டிருந்தால் சண்டை வராது.

ஒரு விஷயத்தை டெவலப்பர்கள் கவனிக்கணும். வாடிக்கையாளர் பார்த்த கட்டண விவரத்தை புக்கிங்குடன் அப்படியே சேமித்து வைக்க வேண்டும். பில் போடும்போது ரேட் அட்டவணையிலிருந்து மறுபடி எடுத்தால், நடுவில் தீபாவளிக்காக ₹13-ஐ ₹15 ஆக்கியிருந்தால், பழைய புக்கிங்கும் சேர்ந்து ஏறிவிடும்.

‘எக்மோர்ல எந்தப் பக்கம்?’

பிக்கப் இடத்துக்கு ஒரே ஒரு பெட்டி வைத்து ‘Pickup’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழும்பூர் ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசல், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொன்று. மேப்பில் நிலையத்தின் பெயரைத் தேடினால் பின் கட்டடத்தின் நடுவில், கிட்டத்தட்ட தண்டவாளத்தின் மேல் விழலாம். டிரைவர் ஒரு பக்கம், நீங்கள் பெட்டியோடு இன்னொரு பக்கம். அடுத்த பத்து நிமிஷம் போன்லயே போயிடும்.

பெரிய நிலையங்கள், விமான நிலையம், பஸ் முனையம் போன்ற இடங்களைத் தேர்ந்தெடுத்தால் உடனே ‘எந்த வாசல்?’ என்று கேட்டாக வேண்டும். ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று டைப் செய்தால் கோயம்பேடா, கிளாம்பாக்கமா என்றும் கேட்கணும். தெருவில் என்றால் பின்னை விரலால் நகர்த்தும் வசதி, கூடவே அடையாளத்தை எழுத ஒரு பெட்டி. ‘பிள்ளையார் கோயில் எதிர்ல, நீல கேட்’ என்று நாம் எழுதுவது டிரைவருக்கு ஜிபிஎஸ் புள்ளியைவிட உபயோகமாக இருக்கும்.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. ‘சனிக்கிழமை இரவு 12.30’ என்று நாம் சொல்வது காலண்டர்படி ஞாயிற்றுக்கிழமை. புக் பண்ணுபவர் சனிக்கிழமை தேதியைத் தட்டிவிட்டு 12.30 ஏ.எம். போடுவார். வண்டி 24 மணி நேரம் முன்னதாக வந்து நிற்கும். இரவு 12-லிருந்து 4-க்குள் நேரம் தேர்ந்தெடுத்தால், ‘வெள்ளி இரவு முடிந்து சனி அதிகாலை, சரிதானா?’ என்று கேட்டு ஒரு தட்டல் வாங்கிக்கொண்டால் போதும்.

அப்புறம், ‘பயணிப்பது நீங்கள்தானா?’ என்ற கேள்வி. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், தாம்பரத்தில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு வண்டி போடுகிறாள். ஒரே ஒரு மொபைல் எண் வாங்கினால் டிரைவர் அதிகாலை 5 மணிக்குப் பெங்களூருக்குத்தான் கூப்பிடுவார். பயணிப்பவரின் எண்ணைத் தனியாக வாங்கி, டிரைவர் விவரத்தை இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும்.

‘கன்ஃபார்ம்’ என்றால் என்ன அர்த்தம்?

பட்டனைத் தட்டியதும் பச்சை டிக்கோடு ‘Booking Confirmed’ என்று வருகிறதே, அந்த நிமிஷம் உண்மையில் உங்களுக்கென்று வண்டி ஒதுக்கப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. கோரிக்கை ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். டிராப் டாக்ஸியில் வேறு ஊரிலிருந்து திரும்பி வரும் வண்டியைத்தான் உங்களுக்குத் தருவார்கள். எந்த வண்டி என்பது சில மணி நேரம் முன்பு வரை அவர்களுக்கே தெரியாது. அதில் தப்பில்லை. அதை மறைத்து பச்சை டிக் போடுவதுதான் தப்பு.

ஆகவே நிலைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். ‘கோரிக்கை கிடைத்தது’, ‘டிரைவர் ஏற்றுக்கொண்டார்’, ‘டிரைவர் கிளம்பிவிட்டார்’. முதல் நிலையிலேயே ‘டிரைவர் விவரம் அதிகாலை 2 மணிக்குள் வரும், வராவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்’ என்று நேரத்தோடு சொல்லிவிட்டால், ராத்திரி முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

பின்னணியில் ஒரு ஆபத்து. ஒரே சவாரியை நான்கு டிரைவர்களுக்கு அனுப்பும்போது இரண்டு பேர் ஒரே வினாடியில் ‘ஏற்கிறேன்’ என்று தட்டலாம். சிஸ்டம் முதலில் ‘யாராவது எடுத்துவிட்டார்களா?’ என்று பார்த்து, பிறகு தனியாக எழுதினால், இருவருக்குமே ‘இல்லை’ என்று பதில் கிடைத்து, இருவரும் கிளம்பிவிடுவார்கள். பார்ப்பதும் எழுதுவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்:

```sql
UPDATE bookings SET driver_id = 42
WHERE id = 1107 AND driver_id IS NULL;
```

ஒரு வரி மாறியது என்று பதில் வந்தால் சவாரி அவருக்கு. பூஜ்யம் என்றால் ‘வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்ற செய்தி. வாடிக்கையாளர் பக்கமும் இதே கதைதான். நெட் ஸ்லோ என்று பட்டனை மூன்று முறை தட்டினால் மூன்று புக்கிங் ஆகக் கூடாது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய புக்கிங்கையே காட்ட வேண்டும்.

டிரைவர் விவரம் வரும் செய்தியில் பெயர், போன் எண், வண்டி மாடல், முழுப் பதிவு எண், பயணம் தொடங்கும்போது சொல்ல வேண்டிய ஓடிபி ஆகியவை இருக்கணும். எஸ்எம்எஸ்ஸாகவும் வரணும், நெடுஞ்சாலையில் டேட்டா போய்விட்டால் ஆப் திறக்காது. வாடகை டாக்ஸி என்றால் நம்பர் பிளேட் மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தாக இருக்கும், மின்சார டாக்ஸி என்றால் பச்சையில் மஞ்சள் எழுத்து. வெள்ளை பிளேட் வந்து நின்றால் அது சொந்த உபயோக வண்டி, ஏறாதீர்கள்.

கடைசி நேரத்தில் வண்டி மாறுவதும் உண்டு. பஞ்சர், லைசென்ஸ், தூக்கம் என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். அப்போது பழைய செய்தி செல்லாது என்று தெளிவாகச் சொல்லி, புது வண்டி எண்ணோடு புது ஓடிபியும் அனுப்ப வேண்டும். பழைய ஓடிபி வேலை செய்யும்படி விட்டுவிட்டால், மாற்றப்பட்ட டிரைவரே வந்து வண்டியை எடுத்தாலும் சிஸ்டத்துக்குத் தெரியாது.