மெட்ரோ நிலையத்தில் ஒரு கல்யாண ஜோடி

பழைய கல்யாணப் படத்தில் இருப்பவர்களைப் பிரித்தெடுத்து இன்றைய இடம் ஒன்றில் நிற்கவைப்பதை, செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சில நிமிடங்களில் செய்துவிடுகின்றன. பேரன் அப்படியொரு படத்தைச் செய்து காட்டும்போது வீடே ரசிக்கிறது. பாட்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, படத்தில் இருப்பது தான்தானா என்று தேடுகிறார்.

அவருடைய சந்தேகம் நியாயமானது. 1960களில் ஸ்டுடியோவில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம் அது; தபால் அட்டை அளவு. தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில் நின்றபடி. அந்த அளவில் முகத்தின் உயரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று ஸ்கேன் செய்தாலும், நெற்றி முதல் தாடை வரை சுமார் 240 புள்ளிகளே கிடைக்கும். அதைப் பெரிதாக்கும் செயலி, இல்லாத விவரங்களைத் தான் கற்ற ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. மூக்கு கூர்மையாகிறது, நிறம் வெளுக்கிறது. கன்னத்து மச்சத்தைப் படத்தில் விழுந்த கறை என்று நினைத்து அழித்துவிடுவதும் உண்டு. (அந்தக் கால ஸ்டுடியோக்காரரும் நெகட்டிவில் பென்சிலால் தீட்டி முகத்தைச் சீராக்கியவர்தான். ஆனால் அவர் எதிரில் பாட்டி நின்றிருந்தார்.)

அடுத்தது நிறம். "டேய், என் கூறைப்புடவை அரக்குடா. இது யாரு, பச்சைப் புடவையில?" என்று பாட்டி கேட்டால், தவறு பேரனுடையது அல்ல. கருப்பு வெள்ளைப் படத்தில் பதிவாவது வெளிச்சத்தின் அளவு மட்டுமே. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக விழக்கூடும். அதிலிருந்து எது என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியே இல்லை. செயலி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூசுகிறது, அவ்வளவுதான்.

முகமும் நிறமும் சரியாக அமைந்தாலும், ஜோடி அந்த இடத்தில் ஒட்டாமல் நிற்பதுண்டு. ஸ்டுடியோ விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடித்ததால் மூக்கின் நிழல் மறுகன்னத்தில் விழுந்திருக்கும். மெட்ரோ நிலையத்திலோ வெளிச்சம் கூரையிலிருந்து பரவலாக வருகிறது. காலடியில் நிழல் இல்லாவிட்டால் இருவரும் தரைக்கு மேலே மிதப்பதுபோல் தெரியும்.

இவற்றில் பலவற்றைத் தவிர்க்க முடியும். படத்தைக் கைபேசியில் பிடிக்காமல் ஸ்கேனரில் வைத்து எடுக்க வேண்டும். புடவை, மாலை, நகைகளின் நிறத்தைப் பாட்டியிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். செயலி மாற்றிய முகத்தின் மேல் ஸ்கேனில் உள்ள அசல் முகத்தை மறுபடி ஒட்டி, ஓரங்களை மட்டும் கலந்துவிடுவது நல்லது. பின்னணிக்கும் பக்கவாட்டு வெளிச்சம் உள்ள இடமே பொருந்தும். மாலை வெயில் விழும் நடைமேடை என்றால் வேலை எளிது. ஜோடியைச் சற்றுத் தொலைவில், சிறிதாக நிறுத்தினால் முகத்தைப் பெரிதாக்க வேண்டிய தேவையே வராது.