டியூஷன் இல்லாதிருந்தால்..?

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள், புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்கள் முகம் மாறிவிடுகின்றன. தனிப்பயிற்சி மையங்களின் பதாகைகளில் மாணவர்களின் படங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கீழே 'எங்களிடம் படித்தவர்கள் 100 சதவீதத் தேர்ச்சி' என்ற அறிவிப்பு இருக்கும். முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்யும் தாய், அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தை எப்படிப் புரட்டுவது என்ற கவலையோடு அந்தப் பதாகையைப் பார்க்கிறார். பதாகை பொய் சொல்லவில்லை. அந்த மாணவர்கள் உண்மையாகவே தேர்ச்சி பெற்றவர்கள்தான். ஆனால், அவர் கட்டணம் செலுத்தப்போவது தேர்ச்சிக்காக அல்ல. தனிப்பயிற்சி இல்லாவிட்டால் கிடைக்காமல் போகக்கூடிய தேர்ச்சிக்காக. இவை இரண்டும் வெவ்வேறு பொருள்கள். பதாகை முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறது.

ஒன்று நிகழ்ந்த பிறகு மற்றொன்று நிகழ்ந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் உடனே முடிவு கட்டிவிடுகிறது. அந்த முடிவைச் சோதிக்க ஓர் எளிய கேள்வி உண்டு: முன்னது நிகழாதிருந்தால், பின்னது எப்படியும் நிகழ்ந்திருக்குமா? நிகழ்ந்திருக்கும் என்றால், முன்னதைக் காரணம் என்று சொல்ல முடியாது.

நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் சோதனை இது. லண்டனில் புத்தாண்டு இரவில் பணியிலிருந்த மூன்று காவலாளிகள் தேநீர் அருந்திய பின் தொடர்ந்து வாந்தி எடுத்து, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றனர். மருத்துவர் நேரில் பார்க்காமலே அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர்களில் ஒருவர் சில மணி நேரத்தில் இறந்தார். தேநீரில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது பின்னர் தெரியவந்தது. நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவமனை கடமை தவறியதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும், உடனே சிகிச்சை அளித்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால், மரணத்துக்கு அந்தத் தவறு காரணமல்ல என்று முடிவு செய்தது. பழியைச் சுமத்தும்போது கேட்கும் இதே கேள்வியைப் பெருமையைச் சூட்டும்போதும் கேட்பதுதான் நியாயம்.

தனிப்பயிற்சி விஷயத்தில் இதற்கு விடை காண, சான்றாக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மையத்தில் ஜனவரி மாதம் 40 மாணவர்கள் சேருகிறார்கள். அரையாண்டுத் தேர்வில் கணிதத்தில் அவர்களின் சராசரி மதிப்பெண் 41. பொதுத்தேர்வில் அது 63 ஆக உயர்கிறது. 40 பேரும் தேர்ச்சி பெறுகிறார்கள். '22 மதிப்பெண் உயர்வு எங்களால்தான்' என்கிறது மையம்.

அந்தச் சில வாரங்களில் வேறு என்னவெல்லாம் நடந்தன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளியில் திருப்புதல் தேர்வுகள் நடந்தன. மாலையில் சிறப்பு வகுப்புகள் நடந்தன. மெல்லக் கற்போருக்கெனத் தனிக் கையேடும் கொடுக்கப்பட்டது. பொதுத்தேர்வு நெருங்க நெருங்க மாணவர்களே கூடுதல் நேரம் படித்தார்கள். இவை எல்லாம் தனிப்பயிற்சிக்குச் செல்லாதவர்களுக்கும் பொருந்தும்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. பெற்றோர் எப்போது தனிப்பயிற்சியைத் தேடுகிறார்கள்? பிள்ளை ஒரு தேர்வில் வழக்கத்தைவிடச் சறுக்கும்போது. தேர்வன்று காய்ச்சல், படிக்காத பாடத்திலிருந்தே வந்த கேள்விகள் என்று அந்தச் சறுக்கலில் ஒரு பகுதி தற்செயலானது. தற்செயல் அடுத்த தேர்விலும் அதே அளவில் திரும்ப வருவது அரிது. ஆகவே, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் திரட்டினால், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அவர்களின் அடுத்த சராசரி ஓரளவு உயரும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கொடுத்த கஷாயம், காய்ச்சல் தணிந்த பெருமையைப் பெற்றுக்கொள்வது போன்றதுதான் இது.

தனிப்பயிற்சி இல்லாதிருந்தால் இந்த 40 பேரும் எவ்வளவு பெற்றிருப்பார்கள் என்பதை யாரும் நேரில் பார்க்க முடியாது. ஒரு மாணவரை ஒரே ஆண்டில் இரு விதமாக வாழவைத்துப் பார்க்க வழியில்லை. அவர்களைப் போன்ற வேறு மாணவர்களைப் பார்ப்பதே அடுத்த வழி. அதே பள்ளியில், அரையாண்டுத் தேர்வில் அதே அளவு மதிப்பெண் பெற்று, ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைத் தவறவிட முடியாது என்பதால் தனிப்பயிற்சியில் சேராத 30 பேர் இருக்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களின் சராசரியும் 41-தான். பொதுத்தேர்வில் அது 57 ஆனது. அப்படியானால் 16 மதிப்பெண் எப்படியும் வந்திருக்கும். மையம் உரிமை கொண்டாடக்கூடியது 22 மதிப்பெண் அல்ல. எஞ்சிய 6 மட்டுமே.

இந்த ஒப்பீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீடு, பிள்ளையின் படிப்பில் மற்ற வகைகளிலும் கூடுதல் அக்கறை காட்டும் வீடாக இருக்கலாம். அப்போது அந்த 6-இலும் ஒரு பகுதி வீட்டுக்கு உரியது. இதைக் கண்டறிய வழி உண்டு. காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையில், அதாவது தனிப்பயிற்சி தொடங்கும் முன்பே, இரு குழுவினரின் மதிப்பெண்களும் எப்படி மாறின என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே போக்கில் மாறியிருந்தால் ஒப்பீட்டை ஓரளவு நம்பலாம். முன்பே விலகத் தொடங்கியிருந்தால், அந்த விலகல் தனிப்பயிற்சியால் வந்ததல்ல. இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமாகி, குலுக்கல் முறையில் சேர்க்கை நடந்தால் ஒப்பீடு இன்னும் உறுதியாகும். சீட்டு கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையிலான வேறுபாடு அப்போது குலுக்கல் மட்டுமே.

இப்போது '100 சதவீதத் தேர்ச்சி'க்கு வருவோம். தேர்ச்சி மதிப்பெண் 35. தனிப்பயிற்சி ஒவ்வொருவருக்கும் 6 மதிப்பெண் கூட்டுகிறது என்று கொண்டால், அது இல்லாமல் 57 பெறுபவர் 63 பெறுவார், இரண்டிலும் தேர்ச்சிதான். அது இல்லாமல் 29 முதல் 34 வரை பெற்றிருக்கக்கூடியவருக்கு மட்டுமே தேர்ச்சியும் தோல்வியும் இடம் மாறுகின்றன. அப்படிப்பட்டவர்கள் 40 பேரில் நால்வர் என்றால், மையம் இல்லாவிட்டாலும் 36 பேர் தேர்ச்சி பெற்றிருப்பார்கள். பதாகையில் இருப்பவை 40 முகங்கள்; மையத்தின் உழைப்பால் தேர்ச்சி பெற்றவை 4. அந்த நால்வருக்கு அது வாழ்க்கையையே மாற்றும் உதவி என்பதும் உண்மை. அவர்கள் யார் என்பதைத்தான் பதாகை சொல்வதில்லை.

இந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாமே கண்டோம். கரோனா காரணமாக 2020 ஜூன் மாதம் தமிழகத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து செய்யப்பட்டு, மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு எந்த மையமும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பதாகை வைத்திருக்கலாம். தனிப்பயிற்சியின் வாசலையே மிதிக்காத மாணவரும் அதே தேர்ச்சியைப் பெற்றார்.

அதே கரோனா காலம் இந்தச் சோதனைக்கு ஓர் அசலான சான்றையும் தந்தது. பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' பின்னர் புதுக்கோட்டை உள்பட மாநிலமெங்கும் விரிவடைந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர்கள் நடத்திய, கட்டணமில்லா மாலை வகுப்பு அது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள், தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளின் கற்றல் நிலையை, பெருந்தொற்றுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் இழப்பு கடுமையாக இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது.

முன்பும் பின்பும் மட்டும் பார்ப்பவர், மீண்டது முழுவதும் மாலை வகுப்பின் சாதனை என்பார். ஆய்வாளர்கள் குழந்தைகளின் முந்தைய நிலையைக் கணக்கில் கொண்டு, வகுப்புக்கு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டனர். மீட்சியில் சுமார் 24 சதவீதமே திட்டத்துக்கு உரியது என்று தெரியவந்தது. எஞ்சிய முக்கால் பங்கு, பள்ளி திறந்தது முதலான பிற காரணங்களால் எப்படியும் வந்திருக்கும். இது திட்டத்தைச் சிறுமைப்படுத்தும் எண் அல்ல. ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் நடந்த வகுப்பு, மாநிலம் தழுவிய மீட்சியில் கால் பங்கைச் சுமந்தது என்றால் அது பெரிய வெற்றி. அளந்து சொன்னதால்தான் அந்த வெற்றி நம்பத் தகுந்ததாகிறது.

இந்தச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. பள்ளியின் சிறப்பு வகுப்பும் தனிப்பயிற்சியும் ஒரே பாடத்தை ஒரே அளவில் கற்பித்தால், ஒன்றை நீக்கினாலும் மற்றொன்று மாணவரைக் கரைசேர்க்கும். தனித்தனியே கேட்டால் இரண்டுமே காரணமல்ல என்று விடை வரும்; இரண்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அடுத்து, 'இல்லாதிருந்தால்' என்பதற்கு என்ன பொருள் என்பதைத் தெளிவாக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் மாணவி அக்காவிடம் பாடம் கேட்டிருப்பாளா, தானே கணக்குப் போட்டுப் பார்த்திருப்பாளா, அல்லது ஆடு மேய்த்திருப்பாளா? மூன்றுக்கும் மூன்று விடைகள். வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத, பள்ளியில் கணித ஆசிரியர் இடம் காலியாக இருக்கும் மாணவிக்குத் தனிப்பயிற்சியின் பலன் 6 மதிப்பெண்ணைவிட மிக அதிகமாக இருக்கலாம். சராசரி, தனி ஒருவருக்கான தீர்ப்பு அல்ல.

எனவே, பதாகையைப் பார்த்துத் தயங்கி நிற்கும் தாய், மையத்திடம் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்கத் தேவையில்லை. சேரும்போது என் மகளைப் போல மதிப்பெண் பெற்றிருந்தவர்கள் இங்கே எவ்வளவு பெற்றார்கள் என்று கேட்கலாம். பிறகு பள்ளிக்குச் சென்று, அதே மதிப்பெண்ணோடு இருந்து தனிப்பயிற்சிக்குச் செல்லாதவர்கள் எவ்வளவு பெற்றார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்குத்தான் அவர் விலை கொடுக்கிறார். அந்த விலை தகுமா என்பதை அதன் பிறகு அவரே முடிவு செய்துகொள்வார்.