வால் வழியே நிரம்பும் டியூப்

பற்பசை டியூபின் அடி விளிம்பில் சின்னதாக ஒரு வண்ணக் கட்டம் இருக்கும். பச்சை என்றால் இயற்கைச் சரக்கு, கறுப்பு என்றால் முழுக்க ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி, கடையில் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தக் கட்டத்துக்கும் உள்ளே இருக்கும் பசைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது வாங்குபவருக்காக அச்சிடப்பட்டதே அல்ல. ஓர் இயந்திரத்தின் கண்ணுக்காக அச்சிடப்பட்டது.

பசையை டியூபின் வாய் வழியாக யாரும் நிரப்புவதில்லை. நிரப்பும் ஆலைக்கு டியூப் வந்து சேரும்போதே மூடி இறுகத் திருகப்பட்டிருக்கும். வால் பக்கம் மட்டும் உருண்டைக் குழாயாகத் திறந்து கிடக்கும். மூடி கீழே இருக்கும்படி டியூபை ஒரு குழியில் நிறுத்தி, இயந்திரம் அதை மெல்லச் சுழற்றும். ஒளிக் கண் ஒன்று அந்த வண்ணக் கட்டத்தைத் தேடும். கண்டதும் சுழற்சி நிற்கும். அப்போதுதான், வாலை நசுக்கும்போது பசையின் பெயர் பக்கவாட்டில் ஒதுங்காமல் நேர் முன்னால் அமையும். பின்னணி நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபட்டால் போதும், கட்டம் எந்த நிறமாகவும் இருக்கலாம்.

அடுத்து ஒரு குழல் டியூபுக்குள் ஆழமாக இறங்கி, பசையை விட்டுக்கொண்டே மேலே ஏறும். மேலிருந்து கொட்டினால் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். வாலருகே கொஞ்சம் இடம் காலியாக விடப்படும். பிறகு வாலின் உள்சுவரில் சூடான காற்று பாயும். பிளாஸ்டிக் இளகியதும் குளிர்ந்த இரண்டு தாடைகள் அதைக் கவ்வி அழுத்த, இரு சுவர்களும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொள்ளும். வாலில் விரலை ஓட்டினால் தட்டுப்படும் வரிவரியான கோடுகள் அந்தத் தாடைகளின் பல்தடம். காலாவதித் தேதியும் பெரும்பாலும் அதே பிடியில்தான் பதிகிறது. கடைசியில் ஒரு கத்தி விளிம்பை நேராக நறுக்கிவிடும்.

டியூபின் அழகான வளைவுகளும் இந்த ஒரு நசுக்கலில் பிறந்தவைதான். 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள டியூபை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 110 மில்லிமீட்டர். வாலைத் தட்டையாக்கினால் அந்தச் சுற்றளவு முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரியும். ஆகவே வாலின் அகலம் 55 மில்லிமீட்டர். தோளில் 35, வாலில் 55. அதனால்தான் முன்னாலிருந்து பார்த்தால் டியூப் கீழ்நோக்கி விரிகிறது, பக்கவாட்டில் பார்த்தால் ஆப்பு போலக் கூர்மையாகிறது.

இந்த ஒட்டில்தான் கோளாறுகளும் வரும். குழல் வெளியேறும்போது பசை நூல் போல இழுபட்டு வாலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேராது. அளவுக்கு மேல் நிரப்பினாலும் இதே கதைதான். சூடு குறைந்தால் ஒட்டு காகிதம் போல உரிந்துவரும். கூடினால் சுவர் மெலிந்து ஊசித்துளை விழும். இப்படிப்பட்ட டியூபை மூடியோடு அழுத்திப் பிடித்தால் வால் விளிம்பில் பசை ஈரமாகத் தலைகாட்டும்.

மருந்துக் கடைக் களிம்புகள் சில இன்னும் அலுமினிய டியூபில் வருகின்றன. அவற்றின் வாலை இப்படி உருக்கி ஒட்ட முடியாது. எனவே இரண்டு மூன்று முறை மடித்து அழுத்துகிறார்கள். மூல வழி இதுதான். அமெரிக்க ஓவியர் ஜான் காஃப் ராண்ட் 1841இல் வண்ணக் குழம்புக்காக வெள்ளீய டியூபுக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் ஓவியர்கள் பன்றியின் சிறுநீர்ப்பையில் வண்ணத்தைக் கட்டிவைத்திருந்தார்கள். பற்பசை அந்த டியூபுக்குள் புகுந்தது அந்த நூற்றாண்டின் கடைசியில்தான். உலோகத்துக்கு ஒரு நல்ல குணம்: அழுத்திய இடத்தில் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் டியூப் விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும், வாய் வழியாகக் காற்றையும் உள்ளே இழுக்கும். களிம்பு டியூப் சிலவற்றின் வாயை மெல்லிய உலோகச் சவ்வு அடைத்திருக்கும். அதைக் குத்தித் திறக்கும் கூர்முனை மூடியின் மறுபக்கத்திலேயே இருக்கும்.

பற்பசை மூடி முன்பு சிறிய கூம்பாக இருந்தது. இப்போது பலவற்றில் தோளின் அகலத்துக்கே வளர்ந்து, உச்சியும் தட்டையாகிவிட்டது. டியூபைத் தலைகீழாக நிறுத்தலாம், பசை வாய்க்கருகே இறங்கி நிற்கும். ஆனாலும் கடைசிப் பசை வெளியே வருவதில்லை. உடல் மெல்லியதாக இருக்க, தோள் மட்டும் தனியாக வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். எவ்வளவு நசுக்கினாலும் அது வளைந்து கொடுக்காது. கத்தரிக்கோலை எடுப்பவர்கள் வாலை வெட்டுவதற்குப் பதில் தோளுக்கு ஒரு விரல்கடை தள்ளி வெட்டினால், மிச்சமிருக்கும் பசை அங்கேதான் அகப்படும்.