தன்னறிமுகமும் சில கதைகளும்

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றிய இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், அவ்வூருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று முதலியார் வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்ததாக இளைஞர் கூறினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனத் தாம் கற்ற நூல்களை வரிசையாக அடுக்கினார். அந்த நீண்ட வரிசையைக் கேட்ட முதலியார் சிறிதும் வியக்கவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்றே கேட்டார். பின்னர்ச் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார்.

அந்த இளைஞரே பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் போற்றப்பட்ட உ.வே. சாமிநாதையர். அச்சந்திப்பே அவரைப் பழந்தமிழ் நூல்களின்பால் திருப்பியது. 1887இல் சிந்தாமணி அவருடைய பதிப்பாக வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் 'என் சரித்திரம்' எழுதியபோது இந்நிகழ்ச்சியை அவர் விரிவாகப் பதிவு செய்தார். அன்று அவர் அடுக்கிய நூற்பெயர்களை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே. அப்பெயர்களைச் சொல்லி அவர் திகைத்து நின்ற காட்சியையோ தமிழ் படித்தவர் எவரும் மறப்பதில்லை. பட்டியல் கேட்பவர் மனத்தில் தங்குவதில்லை, நிகழ்ச்சி தங்குகிறது. தன்னறிமுகத்திற்குக் கதைகள் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கதை என்றவுடன் புனைவு என்று கருதிவிடக் கூடாது. நம் வாழ்வில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை, இடம், காலம், எழுந்த இடர், நாம் செய்தது, அதனால் விளைந்தது என்னும் ஒழுங்கில் கூறுவதையே இங்குக் கதை என்கிறோம்.

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, சென்னைக் கல்லூரி ஒன்றில் இளநிலை வணிகவியல் சேர்க்கைக்கான நேர்காணலில் அமர்ந்திருக்கிறாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்கிறார் பேராசிரியர். "என் ஊர் பொன்னேரி வட்டம் கோட்டைக்குப்பம். தந்தை மீனவர். தாயார் இல்லத்தரசி. புத்தகம் வாசிப்பது என் பொழுதுபோக்கு" என்கிறாள் அவள். இவற்றுள் பெரும்பகுதி விண்ணப்பத்திலேயே உள்ளது. எஞ்சிய பொழுதுபோக்கோ அன்று வந்த பலரும் சொன்னது. பேராசிரியர் தலையசைத்து அடுத்த தாளைப் புரட்டுவார். அவளிடம் சொல்லத்தக்கது இல்லை என்பதன்று இதன் பொருள். தேடி எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

தேடுவதற்கு எளிய வழி ஒன்றுண்டு. 'நான் பொறுப்பானவள்' என்பதுபோன்ற பண்புச் சொல்லிலிருந்து தொடங்காமல், பொருள்களிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் எந்தப் பொருள் நம் கைபட்டுத் தேய்ந்திருக்கிறது? இம்மாணவிக்கு நினைவு வருவது ஒரு பழைய பள்ளிக் குறிப்பேடு. தாயார் நாள்தோறும் வியாபாரியிடம் கொடுக்கும் இறாலின் எடையை அவள் அதில் எழுதி வந்தாள். தாயாரை 'இல்லத்தரசி' என்று சொன்னதே பொருந்தாது என்பதும் அப்போதுதான் அவளுக்குப் புலப்படும். அக்குறிப்பேட்டிலிருந்து கதை இவ்வாறு உருவாகிறது:

"பதினொன்றாம் வகுப்பில் எங்கள் வீட்டு இறால் கணக்கை நான்தான் எழுதினேன். ஒருநாள் எங்கள் தராசில் ஆறு கிலோ இருந்தது. வியாபாரி கொடுத்த சீட்டில் ஐந்தரை என்றிருந்தது. ஈரம் வடிந்திருக்கும் என்றார் அம்மா. நான் பன்னிரண்டு நாள் இரண்டு எடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். ஒவ்வொரு நாளும் அதே அரைக் கிலோ குறைந்தது. கூட்டிப் பார்த்தால் ஆறு கிலோ, அதாவது எங்களுடைய ஒருநாள் இறால் முழுவதும் போயிருந்தது. சண்டையிடாமல் குறிப்பேட்டை மட்டும் அவரிடம் காட்டினோம். மறுநாள் அவர் வேறு தராசு கொண்டுவந்தார்."

இதைச் சொல்ல அரை நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலாகும். அவள் தன்னை நேர்மையானவள் என்றோ, கணக்கில் ஆர்வமுள்ளவள் என்றோ எங்கும் கூறவில்லை. கேட்பவர் தாமே அம்முடிவுக்கு வருகிறார். ஏன் வணிகவியல், இடர் நேர்ந்தபோது என்ன செய்தாய் என்னும் வினாக்களுக்கும் இக்கதையே விடையாகும். ஆகவே கதைகள் பல வேண்டியதில்லை, மூன்று போதும். எனினும் மூன்றும் ஒரே நிறத்தில் இருத்தல் ஆகாது. ஒன்று இதுபோல் நாம் செய்த செயல். மற்றொன்று கைகூடாமற்போன முயற்சி: வகுப்பறைத் தாழ்வாரத்தில் அவள் அமைத்த சிறு நூலகம் ஐப்பசி மழையில் நனைந்துபோனது, அடுத்த முறை நூல்களைத் தகரப் பெட்டியில் வைத்தது எனலாம்.

மூன்றாவது ஊரைப் பற்றியதாக இருக்கலாம். ஏரியில் வலை கட்டும் இடங்களை மீனவர்கள் தமக்குள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் அங்கு நெடுங்காலமாக உள்ளது. அதற்குப் 'பாடு' என்று பெயர். வெளியூரார்க்கு இச்சொல் புரியாது. "பாடு என்றால் இன்று இந்த இடம் உங்களுக்கு, நாளை எங்களுக்கு" என்று ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட்டுக் கதைக்குள் சென்றுவிட வேண்டும். விளக்கம் நீண்டால் கதை ஊர் வரலாறாகிவிடும். சொல்பவள் அதில் காணாமற்போவாள்.

ஆயத்தம் செய்வது மனப்பாடம் செய்வதாக மாறிவிடும் இடர் இங்குண்டு. பேச்சுப் போட்டியில் பழகிய மாணவர்க்கு இது பெரிதும் நேர்கிறது. கதையை முழுதாக எழுதி உருப்போட்டவர், நடுவில் ஒரு வினா எழுந்தால் முதல் வாக்கியத்திற்கே திரும்பி ஓடுவார். அதுவே அடையாளம். முழுவதையும் எழுதாமல் 'குறிப்பேடு, ஆறு–ஐந்தரை, பன்னிரண்டு நாள், வேறு தராசு' என நான்கு சொற்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். தொடக்க வாக்கியமும் முடிவு வாக்கியமும் உறுதியாக இருந்தால் போதும். இடையிலுள்ளவை ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் வரட்டும். பாட்டியிடம் ஒருமுறை, வகுப்புத் தோழியிடம் ஒருமுறை, ஏரியையே காணாத ஒருவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நன்று. பாட்டிக்குத் தராசு பற்றி விளக்க வேண்டியதில்லை. மூன்றாமவருக்கு விளக்க வேண்டும். கேட்பவர் எந்த இடத்தில் குறுக்கிட்டு வினவுகிறாரோ அங்கே ஒரு செய்தி விடுபட்டுள்ளது. எங்கே அவர் பார்வை விலகுகிறதோ அங்கே ஏதோ மிகுந்துள்ளது.

அளவையும் கேட்பவரே தீர்மானிக்கிறார். விடுதியில் புதிய அறைத் தோழி கேட்டால், "எங்கள் வீட்டு இறால் கணக்குப்பிள்ளை நான்தான்" என்னும் ஒரு வரி போதும். அவள் சிரித்து மேலும் கேட்டால் மிகுதியைச் சொல்லலாம். அலுவலகச் சாளரத்தில் பெயரும் முகவரியும் கேட்பவரிடம் கதை கூறுவது பொருந்தாது. வறுமையைச் சொல்லி இரக்கம் பெறும் கதைகளையும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. கேட்பவர் மனம் இளகும். ஆயினும் சொல்பவர் என்ன செய்தார் என்பது அவர்க்குத் தெரியாமலே போகும். வீட்டார் பிறரறிய விரும்பாத செய்தியாயின், அவர்களைக் கேட்காமல் சொல்லுதல் கூடாது.

கதை உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு அறம் மட்டுமன்றி வேறொரு காரணமும் உண்டு. நல்ல கதை கேட்பவரை வினவத் தூண்டும். "அந்த வியாபாரியிடம் இப்போதும் இறால் கொடுக்கிறீர்களா?" என்று பேராசிரியர் கேட்கிறார் எனக் கொள்வோம். பன்னிரண்டு நாளும் எழுதியவளிடம் இதற்கு விடை உண்டு. "கொடுக்கிறோம் ஐயா. ஆனால் அம்மா இப்போது சீட்டைப் பார்த்த பிறகுதான் கூடையை எடுக்கிறார்" என்கிறாள்.