‘ஸோ’ உட்காரும் இடம்

அக்கா மகன் மெக்கானிக்கல் இறுதி ஆண்டு படிக்கிறான். கல்லூரிக்குக் கம்பெனிகள் ஆள் எடுக்க வரும் பருவம். “சித்தி, நான் செல்ஃப் இன்ட்ரோ சொல்றேன், கேட்டுட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்று எதிரில் வந்து உட்கார்ந்தான். போனில் பதிவை ஓடவிட்டேன். “ஸோ, குட் மார்னிங். ஸோ, பேசிக்கலி ஐ ஆம் ஃப்ரம் போடி” என்று தொடங்கி, “ஸோ… யா, தட்ஸ் இட்” என்று 72 விநாடியில் முடித்தான்.

“எத்தனை ‘ஸோ’ சொன்னேன்னு நினைக்கிறே?”

“ரெண்டு மூணு இருக்கும்.”

பதிவைப் போட்டு அவனையே எண்ணச் சொன்னேன். ‘ஸோ’ 9, ‘பேசிக்கலி’ 5, ‘யூ நோ’ 4. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டான். எண்ணிக்கை மாறவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. பேசுகிறவர் காதில் அவருடைய ஒட்டுச் சொற்கள் விழுவதே இல்லை. நகம் கடிக்கிறவருக்குத் தன் விரல் வாய்க்குப் போனது தெரியாதது போலத்தான் இதுவும். இந்த ஒப்புமையை நான் சும்மா சொல்லவில்லை. நகம் கடிப்பது, தோளைக் குலுக்குவது போன்ற பழக்கங்களை விடுவிக்க அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். பழக்கம் தலைகாட்டும் நொடியை அவரே கண்டுபிடிக்கப் பழக்குவது முதல் படி. அந்த நொடியில் அதோடு சேர்ந்து செய்யவே முடியாத வேறொன்றைச் செய்ய வைப்பது அடுத்த படி. மேடைப் பேச்சில் வரும் ஒட்டுச் சொற்களைக் குறைக்கவும் பின்னாளில் இதே முறையைப் பயன்படுத்தினார்கள்.

அன்று மாலை பதிவைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தாளில் எழுதச் சொன்னேன். ‘ஸோ’, ‘யா’, இழுவை எல்லாம் அப்படியே. 72 விநாடிப் பேச்சை எழுத அவனுக்கு இருபது நிமிடம் ஆயிற்று. ஒட்டுச் சொற்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டதும் விஷயம் புலப்பட்டது. அவை தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. ஒன்பது ‘ஸோ’வில் எட்டு, வாக்கியத்தின் முதல் சொல். ஊரைச் சொல்லி முடித்துப் படிப்புக்குத் தாவும் இடம், படிப்பிலிருந்து ப்ராஜெக்டுக்குத் தாவும் இடம், கடைசியில் முடிக்கத் தெரியாமல் நின்ற இடம். எல்லாமே மூட்டு வாய்கள். அடுத்த வாக்கியம் மனதில் உருவாகும் முன்பே வாய் திறந்துவிடுகிறது; திறந்த வாய்க்கு ஏதாவது ஒரு சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் பேசினால் அந்த இடத்தில் ‘வந்து’ வந்திருக்கும். எங்கிருந்தும் வராத, எங்கும் போகாத அந்த ‘வந்து’தான்.

‘பேசிக்கலி’யின் கதை வேறு. ஐந்தில் நான்கு, ப்ராஜெக்டைப் பற்றிச் சொன்ன நான்கு வரிக்குள் இருந்தன. அவனும் நண்பர்களும் செய்தது ஏலக்காய் உலர்த்தும் சிறு இயந்திரம். போடி பக்கத்தில் ஏலக்காயைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. எதிரே இருக்கும் அதிகாரிக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் இவனுக்குத் தெரியவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று பேசும்போதே முடிவெடுக்கிறான். ‘பேசிக்கலி’ அந்தத் தடுமாற்றத்தின் சத்தம். ‘யூ நோ’ நான்கும், சொன்னதை எதிராளி ஏற்றுக்கொண்டாரா என்று கை நீட்டிப் பார்க்கும் இடங்களில். “ஐ ஆம் எ, யூ நோ, டீம் ப்ளேயர்.” தனக்கே நம்பிக்கையில்லாத வரி. இந்த மாதிரி வரிக்கு வைத்தியம் கிடையாது, அடித்துவிட வேண்டியதுதான். அடித்தோம்.

ஆகவே ‘ஸோ சொல்லாதே’ என்று அவனிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் அந்தச் சொல்தான் மனதில் நிற்கும். அல்லது அது போய் அந்த இடத்தில் ‘ஆக்சுவலி’ வந்து உட்காரும். இருக்கையை எடுத்துவிட்டால் உட்கார இடமிருக்காது.

இருக்கையை எடுக்க நம்மிடம் பழைய உத்தி ஒன்று இருக்கிறது: அந்தாதி. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக வரும். மனப்பாடம் செய்கிறவருக்கு அடுத்தது என்ன என்ற தேடலே இருக்காது. அறிமுகத்தையும் அப்படியே எழுதினோம், ஐந்தே வாக்கியத்தில். அவன் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது: ‘என் பெயர் இது, ஊர் போடி. போடியில் ஏலக்காய் வியாபாரத்தைப் பார்த்து வளர்ந்தேன். அந்த ஏலக்காயை உலர்த்தத்தான் இறுதி ஆண்டில் மூன்று பேர் சேர்ந்து ஓர் இயந்திரம் செய்தோம். அந்த இயந்திரத்தில், உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பகுதி என்னுடையது. அந்த மாதிரி வடிவமைப்பு வேலையை உங்கள் நிறுவனத்தில் செய்ய விரும்புகிறேன்.’ படித்த கல்லூரி, மதிப்பெண் எல்லாம் அவர் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கின்றன. அதை ஒப்பிக்கும் இடத்தில்தான் மூன்று ‘ஸோ’ இருந்தது.

முதல் வரைவில் அவன் எழுதியது கட்டுரை ஆங்கிலம். வாய்விட்டுப் படித்தபோது இரண்டு இடத்தில் மூச்சு முட்டியது. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைத்தோம். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியம் நடுவில் நிற்கும். நின்ற இடத்தில் ஒட்டுச் சொல் ஏறிக்கொள்ளும்.

முழுதையும் நெட்டுருப் போட வேண்டாம் என்றேன். நெட்டுருப் போட்டவனை நடுவில் ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் சொல் மாறாமல் இருக்கட்டும்; நடுவில் இருப்பவற்றுக்கு மூட்டுச் சொற்கள் போதும். மூன்றாம் நாள் தாளை வாங்கிக்கொண்டு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். அதில் மூன்றே சொற்கள்: போடி, ஏலக்காய், இயந்திரம். நான்காம் நாள் சீட்டும் கிடையாது.

பயிற்சியில் ஒரே ஒரு விதி. வாக்கியம் முடிந்ததும் உதட்டை மூடி, மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது ‘ஸோ’ சொல்ல முயன்று பாருங்கள், எளிதில் வராது. அஸ்ரினும் நன்னும் சொன்ன அந்த ‘சேர்ந்து செய்ய முடியாத வேறொன்று’ இங்கே இதுதான். அவனுக்குத்தான் கூச்சம். “ரொம்ப நேரம் சும்மா நிக்கிற மாதிரி இருக்கு சித்தி, மறந்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க.” பதிவில் அளந்து காட்டினேன். அவன் மூன்று விநாடி என்று நினைத்த மௌனம் ஒரு விநாடி கூட இல்லை.

ஒரு நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஒரு பதிவு, கேட்டு எண்ணிக்கையைச் சுவரில் இருந்த காலண்டரில் எழுதுவது. இரண்டாம் நாள் 11, மூன்றாம் நாள் தாளை எடுத்ததும் 13 என்று ஏறியது, ஆறாம் நாள் 2. அந்த இரண்டையும் விட்டுவிடச் சொன்னேன். ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ இருவரும் 2002-இல் எழுதிய ஆய்வில், ‘அ…’, ‘அம்…’ என்று பேசுகிறவர் இழுப்பது ‘கொஞ்சம் பொறுங்கள், இன்னும் முடிக்கவில்லை’ என்று கேட்பவருக்குத் தரும் அறிவிப்பு என்றார்கள். யோசித்துப் பதில் சொல்லும்போது அது இருந்துவிட்டுப் போகட்டும். தன் பெயரையும் ஊரையும் சொல்லும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

நேர்காணலில் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே வந்தார்களாம். “போடியா? இப்ப ஏலக்காய் கிலோ என்ன விலை போகுது?” இவன் பதில் சொன்னான், அதில் இரண்டு ‘ஸோ’ வந்ததைத் தானே கவனித்தானாம். பிறகு உதட்டை மூடி ஒரு மூச்சு இழுத்துவிட்டு, “அந்த ஏலக்காயை உலர்த்தத்தான் சார்” என்று மூன்றாவது வாக்கியத்தில் ஏறிக்கொண்டான்.